வயதை நாளில் எழுதாதீர்கள், வெற்றிடத்தை 'இல்லை' ஆக்காதீர்கள்: பச்சிளங்குழந்தை மஞ்சள் காமாலை ஆய்வுக்கான கோடிங் ஷீட்

வாசகர் கேள்வி: "அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றில் குழந்தைகள் மருத்துவம் படிக்கும் இரண்டாம் ஆண்டு முதுநிலை மாணவி நான். 2021 முதல் 2023 வரை மஞ்சள் காமாலைக்குப் போட்டோதெரபி பெற்ற 120 பச்சிளங்குழந்தைகளின் பழைய கேஸ் ஷீட்டுகளை வைத்துத் தீசிஸ் செய்கிறேன். எக்செல்லில் ஒரு குழந்தைக்கு ஒரு வரி. வயது (நாளில்), அதிகபட்ச பிலிருபின், காரணம் (1 இயல்பானது, 2 ஏபிஓ, 3 ஆர்எச், 4 மற்றவை), டைரக்ட் கூம்ப்ஸ் (1 பாசிட்டிவ், 0 நெகட்டிவ்) என்று காலங்கள் வைத்திருக்கிறேன். கேஸ் ஷீட்டில் எதுவும் எழுதவில்லை என்றால் 0 போட்டுவிடுகிறேன். 30 குழந்தைகள் முடிந்துவிட்டன. இப்போது கைட், 'வயதை நாளில் போட்டால் உதவாது, முதலிலிருந்து போடு' என்கிறார். இது வீண் வேலை இல்லையா? இன்னொன்று: நோயாளியைத் தொடாத ஆய்வுக்கு எத்திக்ஸ் கமிட்டி அனுமதி வேண்டாம் என்று சீனியர் சொன்னார். சரிதானா?"

பதில்:

அன்புள்ள டாக்டர்,

உங்கள் கைட் சொன்னதுதான் சரி. 30 கேஸ் ஷீட்டையும் மறுபடி திறக்கத்தான் வேண்டும். 120 முடிந்த பிறகு தெரியவந்திருந்தால் நான்கு மடங்கு வேலை.

அதற்கு முன்னால் சீனியர் சொன்னதைப் பார்த்துவிடுவோம். அது தவறு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகளின்படி, பழைய பதிவுகளை மட்டும் பார்க்கும் ஆய்வில் ஒவ்வொரு பெற்றோரிடமும் ஒப்புதல் வாங்குவதிலிருந்து விலக்கு கிடைக்க வாய்ப்பு உண்டு. ஆனால் அந்த விலக்கைத் தரவேண்டியது கமிட்டி. நமக்கு நாமே கொடுத்துக்கொள்ள முடியாது. 'ஒப்புதல் தேவையில்லை' என்பதும் 'அனுமதி தேவையில்லை' என்பதும் வேறு வேறு. உங்கள் சீனியர் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார். இன்றோடு பதிவெடுப்பதை நிறுத்துங்கள். கைட்டிடம் சொல்லி, 30 கேஸ் ஷீட்டை ஏற்கெனவே பார்த்த விவரத்தையும் மறைக்காமல் விண்ணப்பத்தில் எழுதுங்கள். அந்த 30-ஐ என்ன செய்வது என்று கமிட்டி சொல்லும். அனுமதி வந்த தேதிக்குப் பிறகு புதிதாக எடுப்பதுதான் பாதுகாப்பு. எப்படியும் மறுபடி எடுக்கப் போகிறீர்கள். இதனால் கூடுதல் நஷ்டம் எதுவும் இல்லை.

கமிட்டி கேட்கும் ஒரு கேள்விக்கு இப்போதே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். பெயர், ஐ.பி. எண், தாயின் பெயர் எதுவும் ஆய்வு ஷீட்டில் இருக்கக் கூடாது. ஐ.பி. எண்ணுக்கு எதிரே 001, 002 என்று ஆய்வு எண் போட்ட பட்டியல் ஒன்று தனிக் கோப்பாக, பாஸ்வேர்டோடு, கல்லூரிக் கணினியில் இருக்கட்டும். கேஸ் ஷீட்டைப் போனில் படம் எடுத்துவைத்து வீட்டில் போய் டைப் செய்யும் பழக்கம் பலருக்கு உண்டு. அது வேண்டாம்.

நாளா, மணியா?

பிறந்த குழந்தையின் பிலிருபின் எண் தனியாக நின்றால் எதையும் சொல்லாது. 10 மி.கி. என்பது 18 மணி நேரக் குழந்தைக்கு அபாய மணி. நான்காம் நாள் நலமாகப் பால் குடிக்கும் நிறைமாதக் குழந்தைக்கு அது பெரும்பாலும் கவலைக்குரிய எண்ணே அல்ல. அதனால்தான் போட்டோதெரபிக்கான கோடுகள் எல்லாம் மணிக்கணக்கில் வரையப்பட்டிருக்கின்றன. நாளில் எழுதினால் என்ன ஆகிறது என்று மாதிரிக்கு ஒரு குழந்தையை வைத்துப் பார்ப்போம்.

ஆய்வு எண் 017. மார்ச் 12 இரவு 23:40-க்குப் பிறப்பு. 37 வாரம் 2 நாள். தாய் ஓ பாசிட்டிவ், குழந்தை ஏ பாசிட்டிவ். மறுநாள் காலை 08:10-க்கு எடுத்த ரத்தத்தில் பிலிருபின் 5.4. அன்றிரவு 20:10-க்கு எடுத்ததில் 9.6. லேப் ரிப்போர்ட் 23:00-க்கு வந்தது, 23:30-க்கு விளக்கடியில் வைத்தார்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் 'இரண்டாம் நாள் மஞ்சள் காமாலை, இயல்பானது' என்று ஒரு வரி. டைரக்ட் கூம்ப்ஸ் பற்றி எங்கேயும் பேச்சில்லை.

உங்கள் இப்போதைய ஷீட்டில் இந்தக் குழந்தை 'வயது 2, அதிகபட்சம் 9.6, காரணம் 1, கூம்ப்ஸ் 0' என்று உட்காரும். படிப்பவர்கள் சாதாரணக் குழந்தை என்று கடந்துபோவார்கள். ஆனால் மணியில் கணக்கிட்டால் முதல் ரத்தம் 8.5 மணியில், இரண்டாவது 20.5 மணியில் எடுக்கப்பட்டிருக்கிறது. 24 மணிக்குள் தெரிந்த மஞ்சள் காமாலை இது. அப்படி வந்தால் அதை இயல்பானது என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை, காரணம் தேடுவார்கள். நள்ளிரவுக்கு 20 நிமிடம் முன்னால் பிறந்த ஒரே காரணத்தால் காலண்டர் அதை 'இரண்டாம் நாள்' ஆக்கிவிட்டது. சில வார்டுகளில் பிறந்த நாளை 0 என்று எண்ணுவார்கள், சிலவற்றில் 1 என்று. ஒரே வார்டில் டூட்டி மாறினால் இதுவும் மாறும்.

இன்னும் பாருங்கள். இரண்டு ரத்தத்துக்கும் இடையே 12 மணி நேரத்தில் 4.2 மி.கி. ஏறியிருக்கிறது, மணிக்கு 0.35. அமெரிக்கக் குழந்தைகள் மருத்துவ அகாடமியின் 2022 வழிகாட்டுதலில், முதல் 24 மணியில் மணிக்கு 0.3-ம் அதற்கு மேலும், பிறகு மணிக்கு 0.2-ம் அதற்கு மேலும் ஏறினால் ரத்தச் சிவப்பணு சிதைவைச் சந்தேகிக்கச் சொல்கிறார்கள். ஓ தாய்க்கு ஏ குழந்தை என்பதையும் சேர்த்தால் கதையே வேறு. இவ்வளவும் கேஸ் ஷீட்டுக்குள் இருந்தது. 'வயது 2' என்று எழுதிய கணத்தில் அழிந்துவிட்டது.

மணியில் எழுதும்போதும் எந்த மணி என்பதில் பிசகு வரும். லேப் பிரின்ட்அவுட்டில் பெரிதாகத் தெரிவது பல நேரம் ரிப்போர்ட் வந்த நேரம். ரத்தம் எடுத்த நேரம் நர்ஸ் குறிப்பில்தான் இருக்கும். 017-க்கு முதல் ரத்தத்தின் எடுத்த நேரத்தையும் (08:10), இரண்டாவதன் ரிப்போர்ட் நேரத்தையும் (23:00) தவறிப்போய் எடுத்தால் இடைவெளி 14 மணி 50 நிமிடமாகி, ஏற்றம் மணிக்கு 0.28 என்று வரும். 0.3-க்குக் கீழே போய்விட்டது பாருங்கள்! ஆகவே விதியை முதலிலேயே எழுதி வையுங்கள்: எடுத்த நேரம் மட்டுமே. அது கிடைக்காவிட்டால் ரிப்போர்ட் நேரத்தைப் போட்டு, பக்கத்தில் 'நேரத்தின் மூலம்' என்ற காலத்தில் 2 என்று குறியுங்கள். பகுப்பாய்வில் ஏற்ற வேகம் கணக்கிடும்போது 2 போட்டவற்றை விலக்கலாம்.

பிறந்த நேரத்துக்கும் இதே பாடுதான். பிரசவ அறைப் பதிவேடு, கேஸ் ஷீட், டிஸ்சார்ஜ் சம்மரி மூன்றும் மூன்று நேரம் சொன்னால் எது வெல்லும்? பிரசவ அறைப் பதிவேடு முதலில், கேஸ் ஷீட்டின் அட்மிஷன் குறிப்பு அடுத்து, சம்மரி கடைசியில் என்று வைப்பேன். சம்மரி முந்தைய குழந்தையின் கோப்பைத் திறந்து மேலேயே டைப் செய்ததாகவும் இருக்கும். வெளியே பிறந்து வந்த குழந்தைகளுக்கு ரெஃபரல் சீட்டில் தேதி மட்டும் இருந்தால் நேரத்தை ஊகிக்காதீர்கள். அவர்களை மணிக்கணக்குப் பகுப்பாய்விலிருந்து எடுத்துவிடலாம். ஆய்விலிருந்தே எடுக்க வேண்டியதில்லை.

ஒரு குழந்தைக்கு ஒரு வரி போதாது

'அதிகபட்ச பிலிருபின்' என்ற காலத்தைப் பற்றி உங்கள் கைட் ஏதும் சொன்னதாகத் தெரியவில்லை. நான் சொல்கிறேன். அதிகபட்சம் என்பது எத்தனை முறை ரத்தம் எடுத்தார்கள் என்பதைப் பொறுத்தது. ஆறு முறை எடுத்த குழந்தைக்கு உச்சம் கண்ணில் படும்; ஒரே முறை எடுத்த குழந்தைக்கு அந்த ஒன்றுதான் உச்சம். அதனால் இரண்டு ஷீட் வையுங்கள். முதலாவதில் குழந்தைக்கு ஒரு வரி: பாலினம், பிறப்பு எடை, கர்ப்ப வாரம், ரத்த வகைகள், போட்டோதெரபி தொடங்கிய நேரம், முடிந்த நேரம். இரண்டாவதில் ஒவ்வொரு ரத்தத்துக்கும் ஒரு வரி. 017 இப்படி வரும்:

```
study_id,dob,tob,samp_no,samp_dt,samp_tm,tm_src,method,tsb
017,2023-03-12,23:40,1,2023-03-13,08:10,1,1,5.4
017,2023-03-12,23:40,2,2023-03-13,20:10,1,1,9.6
```

`tm_src` 1 என்றால் எடுத்த நேரம், 2 என்றால் ரிப்போர்ட் நேரம். `method` 1 என்றால் ரத்தப் பரிசோதனை, 2 என்றால் தோலில் வைத்துப் பார்க்கும் மீட்டர். பகுப்பாய்வில் இரண்டையும் ஒன்றாகக் கலக்காதீர்கள். விளக்கடியில் இருக்கும் குழந்தையின் தோல் வெளுத்துவிடும். மீட்டர் குறைத்துக் காட்டும்.

வயதை நீங்கள் கையால் கணக்கிட வேண்டாம், எக்செல் செய்யட்டும்:

```
=ROUND(((E2+F2)-(B2+C2))*24,1)
```

017-க்கு 8.5, 20.5 என்று வரவேண்டும். `#VALUE!` என்று வந்தால் தேதி எழுத்தாகப் பதிவாகியிருக்கிறது. அதைவிட மோசமானது சத்தமில்லாமல் வருவது: கணினி அமெரிக்க முறையில் இருந்தால் 12/03 என்று அடித்ததை டிசம்பர் 3 ஆக்கிவிடும். 12-க்கு மேற்பட்ட தேதிகள் பிடிபட்டுவிடும், 1 முதல் 12 வரை உள்ளவை தப்பிவிடும். ஆண்டு முதலில் வரும் வடிவத்தில் அடித்தால் இந்தத் தொல்லை இல்லை. கணக்கிட்ட மணி கழித்தல் எண்ணாகவோ 700-க்கு மேலாகவோ இருந்தால் கேஸ் ஷீட்டுக்குத் திரும்புங்கள். மணி கணக்கிட்டு முடிந்ததும், பகுப்பாய்வுக்குப் போகும் பிரதியிலிருந்து பிறந்த தேதியையும் நீக்கிவிடுங்கள். அதுவும் அடையாளம்தான்.

கர்ப்ப வாரத்தையும் 'நிறைமாதம், குறைமாதம்' என்று குறுக்காமல் வாரம் ஒரு காலம், நாள் ஒரு காலமாக எழுதுங்கள். 2022 வழிகாட்டுதலின் கோடுகள் 35 வாரத்திலிருந்து வாரத்துக்கு வாரம் மாறுகின்றன. 35 வாரத்துக்குக் குறைந்தவர்களுக்கு அவை பொருந்தாது. உங்கள் ஆய்வுக் காலம் 2021 முதல் 2023 என்பதால் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. உங்கள் வார்டு நடுவில் பழைய 2004 கோட்டிலிருந்து புதியதற்கு மாறியிருக்கலாம். 'போட்டோதெரபி கோட்டுக்கு மேல்: ஆம்/இல்லை' என்று கேஸ் ஷீட்டில் இருப்பதை அப்படியே எடுத்தால் இரண்டு அளவுகோல் கலந்துவிடும். வாரமும் மணியும் பிலிருபினும் கையில் இருந்தால், எல்லாக் குழந்தைகளையும் ஒரே கோட்டில் வைத்து நீங்களே பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

வெற்றிடத்துக்கு மூன்று பெயர்

கூம்ப்ஸ் எழுதப்படாவிட்டால் 0 என்று போடுவதுதான் உங்கள் ஷீட்டில் மிகப் பெரிய பிழை. எழுதாத பரிசோதனை நெகட்டிவ் ஆகாது. வெற்றிடத்தில் குறைந்தது மூன்று வகை உண்டு, மூன்றுக்கும் தனித்தனி எண் கொடுங்கள்:

-7: பொருந்தாது (ரெஃபரல் சீட்டு உண்டா என்ற கேள்வி, இங்கேயே பிறந்த குழந்தைக்கு)

-8: செய்யவில்லை என்று பதிவில் இருந்தே தெரிகிறது

-9: எந்தத் தகவலும் இல்லை

பலர் 9, 99, 999 என்று போடுவார்கள். இந்தத் தலைப்புக்கு அது ஆகாது. 99 மணி என்பது 4 நாள் 3 மணி வயதுள்ள நிஜக் குழந்தை. 9 என்பது நிஜ பிலிருபின். கழித்தல் எண்ணாக இருந்தால் உண்மையான மதிப்போடு குழம்பாது. எஸ்பிஎஸ்எஸ்ஸில் மூன்றையும் விடுபட்ட மதிப்பு என்று அறிவித்துவிடுங்கள். மறந்தால் சராசரியில் கழித்தல் எண்ணும் சேர்ந்துகொள்ளும்.

-9 போடுவதற்கு முன் ஒரு படி இருக்கிறது. கூம்ப்ஸ் பரிசோதனை பல மருத்துவமனைகளில் ரத்த வங்கியில் நடக்கிறது. முடிவு கேஸ் ஷீட்டுக்கு வந்து சேராமல் அங்கேயே பதிவேட்டில் தங்கிவிடும். ஐ.பி. எண் பட்டியலோடு ஒருநாள் ரத்த வங்கியில் உட்கார்ந்து தேடுங்கள் (விண்ணப்பத்தில் அந்தப் பதிவேட்டையும் குறிப்பிட மறக்காதீர்கள்). அங்கும் இல்லாததற்கே -9.

இது ஏன் இவ்வளவு முக்கியம் என்று கேட்டால், எண்களை வைத்தே சொல்கிறேன். 120 பேரில் 34 பேருக்கு மட்டும் கூம்ப்ஸ் செய்து 11 பாசிட்டிவ் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெற்றிடத்தை 0 ஆக்கினால் 120-ல் 11, அதாவது 9 சதவீதம் என்று எழுதுவீர்கள். செய்தவர்களில் பார்த்தால் 32 சதவீதம். இரண்டுமே உங்கள் வார்டின் உண்மையான அளவு அல்ல. ஏனென்றால் யாருக்குச் சந்தேகம் வந்ததோ அவர்களுக்குத்தான் பரிசோதனை செய்திருப்பார்கள். '34 பேருக்குச் செய்யப்பட்டது, 11 பாசிட்டிவ், 86 பேருக்குத் தகவல் இல்லை' என்று அட்டவணையில் மூன்று எண்ணையும் போடுவதே நேர்மையான வழி. ஜி6பிடி காலத்துக்கும் இதே விதி. அதில் பரிசோதனை செய்த தேதியையும் சேர்த்து எழுதுங்கள். சிவப்பணு சிதைந்துகொண்டிருக்கும் நேரத்திலோ ரத்தமாற்றத்துக்குப் பிறகோ எடுத்தால் குறைபாடு இருந்தும் இயல்பு என்று காட்டக்கூடும்.

காரணம் என்ற காலத்தை எடுத்துவிடுங்கள்

அதாவது, முதல் சுற்றில். டிஸ்சார்ஜ் சம்மரி எழுதியவர் என்ன நினைத்தார் என்பது ஒரு தகவல், அதை 'சம்மரி சொல்லும் நோய்' என்று தனிக் காலத்தில் உள்ளபடி வைத்துக்கொள்ளலாம். காரணத்தை நீங்கள் முடிவுசெய்வது வேறு. தாயின் ரத்த வகை, குழந்தையின் வகை, கூம்ப்ஸ், ஏற்ற வேகம், ஹீமோகுளோபின், பிறப்பு எடையிலிருந்து எத்தனை சதவீதம் இறங்கியது, தலையில் ரத்தக்கட்டு உண்டா என்று துண்டு துண்டாகப் பதிந்துவிட்டால், பிறகு ஒரே விதியை எல்லோருக்கும் பூட்டலாம். உதாரணத்துக்கு, 'ஏபிஓ சிதைவு நோய்: தாய் ஓ, குழந்தை ஏ அல்லது பி, கூம்ப்ஸ் பாசிட்டிவ், ஏபிஓ பொருத்தமின்மை மட்டும்: கூம்ப்ஸ் நெகட்டிவ், வகைப்படுத்த இயலாதது: கூம்ப்ஸ் -9'. இந்த விதியில் 017 மூன்றாவது பெட்டிக்குப் போகும். சம்மரியில் இருந்த 'இயல்பானது' காணாமல் போகிறதே என்று வருத்தம் வேண்டாம். நமக்குத் தெரியாது என்பதே அந்தக் குழந்தையைப் பற்றிய சரியான பதிவு.

எல்லா காலங்களுக்கும் ஒரு கோட் புத்தகம் எழுதிக்கொள்ளுங்கள்: காலத்தின் பெயர், பொருள், அலகு, எந்தப் பதிவிலிருந்து, இரண்டு பதிவு முரண்பட்டால் எது வெல்லும், அனுமதிக்கும் எல்லை. பிலிருபினுக்கு 0.5 முதல் 40 வரை எல்லை வைத்தால், 13.8-ஐ 138 என்று அடித்தது உடனே சிக்கும். நேரடி பிலிருபின் மொத்தத்தைவிட அதிகமாக இருந்தால் இரண்டும் இடம் மாறியிருக்கிறது.

முதலில் 15 கேஸ் ஷீட்டில் இந்தப் புத்தகத்தை ஓட்டிப் பாருங்கள். எங்கே தடுமாறுகிறீர்களோ அங்கே விதி போதவில்லை, திருத்துங்கள். பிறகு பூட்டிவிடுங்கள், அந்தப் 15-ஐயும் புதிய விதியில் மறுபடி எடுங்கள். எல்லாம் முடிந்ததும் உங்கள் ஆய்வின் கேள்வி தெரியாத ஒருவர், ஒரு ஜூனியர் ஆகலாம், 25 முதல் 30 கேஸ் ஷீட்டைத் தனியாகப் பதியட்டும். 'பத்து சதவீதம் போதும்' என்பார்கள். 120-ல் அது 12. அவ்வளவு சிறிய எண்ணில், இருவர் பதிவும் எவ்வளவு ஒத்துப்போகிறது என்று காட்டும் கப்பாவைக் கணக்கிட்டால் ஒரே ஒரு முரண்பாட்டில் மதிப்பு ஆட்டம் காணும். கூம்ப்ஸ் போன்ற வகைகளுக்குக் கப்பா. மணி நேரத்துக்கு இருவரின் வித்தியாசத்தை நேராகப் பட்டியலிட்டாலே போதும்.

கடைசியாக, அந்த 120 எங்கிருந்து வந்தது என்று உங்கள் கடிதத்தில் இல்லை. எம்ஆர்டியில் கைக்குக் கிடைத்தவை 120 என்றால் கொஞ்சம் நில்லுங்கள். தாயின் பக்கத்திலேயே வைத்து விளக்கு போட்ட குழந்தைகள் பச்சிளங்குழந்தை தீவிரச் சிகிச்சைப் பதிவேட்டில் வரமாட்டார்கள். மறுபக்கம், ரத்தமாற்றம் செய்த குழந்தைகளின் கோப்பும் இறந்த குழந்தைகளின் கோப்பும்தான் அலமாரியில் இருக்காது. ஆடிட்டுக்கோ யாரோ ஒருவரின் கேஸ் பிரசன்டேஷனுக்கோ போயிருக்கும். மிகக் கடுமையான நோயாளிகள் இல்லாமல் ஓர் ஆய்வு தயாராகிவிடும். போட்டோதெரபி பதிவேட்டிலிருந்தும் லேப் பதிவேட்டிலிருந்தும் முழுப் பட்டியல் எடுத்து, எத்தனை எண்கள், எத்தனை கோப்பு கிடைத்தது, கிடைக்காதவை எத்தனை, கிடைத்ததில் விலக்கியவை எத்தனை, ஏன் என்று எழுதுங்கள். கிடைக்காத கோப்புகளுக்கு லேப் பதிவேட்டில் உள்ள பிலிருபினையாவது குறித்துக்கொண்டால், விடுபட்டவர்கள் கடுமையானவர்களா இல்லையா என்று வைவாவில் கேட்கும்போது பதில் கையில் இருக்கும்.